தவறி வந்ததா, உண்மையாக எழுதியதா? பாமசி வட்ஸ்அப்பில் புதிதாக அமர்பவருக்கு ஓர் ஐந்து படி அளவு

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டி இருக்கும் பாமசிகளில் பாதி வேலை இப்போது வட்ஸ்அப்பில் நடக்கிறது. மருந்துத் துண்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள், முடிந்துபோன மாத்திரைக் காட்டின் வெள்ளித்தாளைப் படம் எடுப்பார்கள், "அதே மருந்து" என்று இரண்டு சொல்லில் முடிப்பார்கள். இவற்றுக்கு நடுவே "hjjk" என்று ஒன்று வரும். ஒரு முற்றுப்புள்ளி மட்டும் வரும். சத்தமே இல்லாத ஏழு விநாடி வொய்ஸ் வரும். "3" என்று ஒரு இலக்கம் வந்து அப்படியே நிற்கும்.

கடையில் புதிதாகப் போனுக்கு முன்னால் உட்காரும் தம்பி தங்கச்சிமாருக்குத் துண்டு வாசிப்பது கூடச் சீக்கிரம் பழகிவிடும். இந்த மாதிரி மெசேஜ்களை என்ன செய்வது என்பதுதான் தெரியாமல் நிற்பார்கள். சிலர் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் "என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இரண்டிலும் பிழை உண்டு. உண்மையான மெசேஜைத் தவறியது என்று விட்டால், ஒருவருக்கு இன்றிரவு போடவேண்டிய மருந்து இல்லாமல் போகலாம். தவறி வந்ததை உண்மை என்று எடுத்து "உங்கட வழக்கமான நீரிழிவுக் குளிசையா?" என்று எழுதினால், அந்த நேரம் போன் யாருடைய கையில் இருக்கிறதோ அவருக்கு அந்த அம்மாவின் வருத்தத்தை நாங்களே சொல்லிவிட்டோம். இரண்டாவது பிழையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பாமசியில் அதுவும் பெரிய பிழைதான்.

இதற்கு ஐந்து படி போதும். படி 1 என்றால் உறுதியாகத் தவறி வந்தது. படி 2 பெரும்பாலும் தவறியது. படி 3 சொல்ல முடியாதது. படி 4 பெரும்பாலும் உண்மை. படி 5 உறுதியாக உண்மை. மெசேஜைத் திறந்ததும் மனதுக்குள் ஒரு இலக்கம் போட்டுப் பழகுங்கள். பதில் அந்த இலக்கத்திலிருந்து வரவேண்டும். அன்றைக்கு உங்களுக்கு இருக்கும் அவசரம் அதைத் தீர்மானிக்கக் கூடாது.

முதலில் மெசேஜை மட்டும் பாருங்கள்

அனுப்பியவர் யார் என்று பார்ப்பதற்கு முன்னால், வந்த எழுத்தை மட்டும் வைத்துத் தொடக்க இலக்கம் ஒன்று போடுங்கள்.

விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகள் மட்டும் வந்திருந்தால், உதாரணமாக "hjjk", "asd", "ppppo", அது 1. சட்டைப் பையிலோ பிள்ளையின் கையிலோ போன் இருந்தால் விரல் ஒரே இடத்தைச் சுற்றித்தான் படும். ஒரே ஸ்டிக்கர் ஏழெட்டுத் தடவை அடுக்காக வந்தாலும் 1. தரை, கால்விரல், கறுப்புத் திரை என்று வரும் படமும் அப்படித்தான்.

வொய்ஸை முழுவதும் கேட்காமல் இலக்கம் போடாதீர்கள். பஸ் இரைச்சலும் "கொள்ளுப்பிட்டி, கோட்டை" என்று கூப்பிடும் கொண்டக்டரின் குரலும் மட்டும் கேட்டால் அது பையில் கிடந்த போன். 1 அல்லது 2. ஆனால் கடைசி இரண்டு விநாடியில் யாரோ மெதுவாக ஒரு சொல் சொல்லியிருந்தால் அது 4க்குப் போய்விடும். வயதானவர்கள் பொத்தானை அழுத்திவிட்டு, என்ன சொல்வது என்று யோசித்துவிட்டுத்தான் பேசுவார்கள். அதனால் பேச்சு பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும்.

ஒற்றை இலக்கம், ஒரு கேள்விக்குறி, "k", கைகூப்பும் ஒற்றைப் படம், இவை எல்லாம் 3. இவற்றை மனிதர்கள் வேண்டுமென்றே அனுப்புவதும் உண்டு, விரல் பட்டுப் போவதும் உண்டு.

எழுத்துப் பிழையோடு இருந்தாலும் ஒரு சொல்லின் எலும்பு தெரிந்தால் 4. "pandl", "mtfrmin", "marnthu" எல்லாம் இதில் சேரும். மங்கலான படத்தில் மாத்திரைக் காட் தெரிந்தாலும் 4. கை நடுங்கும் ஒருவர் எடுக்கும் படம் அப்படித்தான் இருக்கும். இலக்கத்தோடு அளவு சேர்ந்து வந்தால், முழு வசனம் இருந்தால், அல்லது எங்களுடைய பழைய மெசேஜ் ஒன்றைப் பிடித்து அதற்குக் கீழே பதில் போட்டிருந்தால், அது 5. தவறிப் பட்ட விரல் பழைய மெசேஜைத் தேடிப் பிடித்துப் பதில் போடாது.

அப்புறம் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

இப்போது உரையாடலை மேலே தள்ளி, தொடக்க இலக்கத்தைத் திருத்த வேண்டும். மூன்று விஷயங்களுக்காக ஒவ்வொரு படி கூட்டுவோம். நாங்கள் கேட்ட கேள்வி ஒன்று பதில் இல்லாமல் நிற்கிறதா? ஒரு படி கூட்டுங்கள். மாதாமாதம் மருந்து எடுப்பவரா, கடைசியாகக் கொடுத்தது முடியும் நாளா? இன்னொரு படி. சில நிமிடங்களுக்குள் அதே ஆளிடமிருந்து இரண்டாவது மெசேஜும் வந்ததா? அதற்கும் ஒரு படி. கூட்டினாலும் 5ஐத் தாண்டாது.

குறைப்பதற்கு ஒரே காரணம்தான் வைத்திருக்கிறோம். அவரே அதை அழித்துவிட்டால் ஒரு படி குறையும். அதற்கு மேல் குறைக்கக் கூடாது. "This message was deleted" என்று நிற்பதைப் பார்த்ததும் தவறி வந்தது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பாமசியில் அப்படி முடிவு கட்ட முடியாது. கர்ப்பப் பரிசோதனைக் கருவி, மனநல மருந்து, மூலவியாதிக்கான களிம்பு போன்றவற்றைக் கேட்க வருபவர் எழுதுவார், கூச்சத்தில் அழிப்பார், அப்புறம் திரும்ப எழுதுவார். "என்ன அழிச்சனீங்கள்?" என்று ஒருபோதும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி வந்தால் அவர் திரும்ப எழுதமாட்டார்.

நேரத்தைப் பார்த்தும் படியைக் குறைக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு வந்தது என்றால் கை பட்டிருக்கும் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். வெள்ளவத்தையில் தனியே இருக்கும் எத்தனையோ அம்மா அப்பாமாருக்கு மருந்து ஓடர் பண்ணுவது வெளியில் இருக்கும் பிள்ளைகள். +1 என்று தொடங்கும் இலக்கம் டொரொன்டோவிலிருந்து என்றால், அங்கே எங்களைவிட ஒன்பதரை மணிநேரமோ பத்தரை மணிநேரமோ பின்னால். எங்களுக்கு இரவு இரண்டு மணி, அவர்களுக்குப் பிற்பகல். +44 என்றால் நாலரை அல்லது ஐந்தரை மணிநேர வித்தியாசம். அவர்கள் வேலை இடைவேளையில் அவசரமாக அடிப்பதால் எழுத்தும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

இந்தக் கூட்டல் கழித்தலுக்கு வெளியே ஒரு விதி இருக்கிறது. மூச்சு, நெஞ்சு வலி, விழுந்துவிட்டது, "help", "moochu", சிங்களத்தில் "husma" என்று ஏதாவது ஒரு துண்டுச் சொல் தெரிந்தாலும், மீதி எல்லாம் குழம்பிக் கிடந்தாலும், நேரே 5. எழுதிக்கொண்டிருக்காமல் போன் எடுங்கள். மறுபக்கம் ஆள் பேச முடியாத நிலையில் இருந்தால் அல்லது எடுக்கவே இல்லை என்றால், கடைப் பொறுப்பாளரிடம் சொல்லி, முகவரி எங்களிடம் இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம். தவறி வந்த மெசேஜுக்கு ஒருமுறை வீணாகப் போன் எடுத்ததை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள்.

ஒவ்வொரு படிக்கும் என்ன எழுதுவது

படி 1க்கு ஒரே வரி, கேள்வி இல்லாமல்:

"மெசேஜ் தெரியாமல் வந்திருக்கும் போல, பரவாயில்லை. ஏதும் தேவையெண்டா எழுதுங்கோ."

ஏன் ஒன்றுமே எழுதாமல் விடக் கூடாது? நாங்கள் வாசித்ததற்கு நீல அடையாளம் அவருக்குப் போயிருக்கும். வாசித்தும் பேசாமல் இருந்தால், உண்மையில் எழுத நினைத்தவர் கடை மூடிவிட்டது என்றோ மருந்து இல்லை என்றோ எடுத்துக்கொள்வார். அதே நேரம் கேள்வி கேட்டால், பேரப்பிள்ளை விளையாடியதற்கு அந்த அம்மா மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டிய கட்டாயம் வரும். கேள்வி இல்லாத ஒரு வரி இரண்டையும் தவிர்க்கும்.

படி 2க்கு ஒரு மெல்லிய கேள்வி, பதில் தராமல் விடுவதற்கும் இடம் வைத்து:

"வணக்கம் அம்மா, ஏதும் தேவையா? இல்லையெண்டா பதில் போட வேண்டாம்."

ஒரு தடவைக்கு மேல் கேட்க வேண்டாம்.

படி 3தான் கடினமானது. நாளில் உங்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் இந்தப் படிதான். இங்கே கேட்கும் கேள்வி, ஒரே விசையில் பதில் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். அரைகுறையாக ஒன்றை அனுப்பியவருக்கு எழுதுவதே சிரமமாக இருக்கலாம். கண் தெரியாமல் இருக்கலாம், கை நடுங்கலாம், மூக்குக்கண்ணாடி வேறு அறையில் கிடக்கலாம். அவரிடம் "தயவுசெய்து உங்கள் தேவையை விளக்கமாக எழுதவும்" என்று கேட்டால் அவர் போனை வைத்துவிடுவார். நாங்கள் இப்படி எழுதுவோம்:

"வணக்கம் அம்மா. மெசேஜ் கிடைச்சது. பாமசியில ஏதும் வேணுமெண்டா 1 எண்டு போடுங்கோ. தெரியாமல் வந்ததெண்டா 0 போடுங்கோ. எழுதக் கஷ்டமெண்டா வொய்ஸில சொல்லுங்கோ."

சிங்களத்தில் பேசும் வாடிக்கையாளருக்கு இதையே சிங்களத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஆங்கில எழுத்தில் சிங்களம் எழுதுபவர் என்றால், அதே எழுத்தில் பதில் போடுங்கள். சிலருக்குப் போனில் சிங்கள எழுத்து வாசிக்கப் பழக்கம் இருக்காது. வட்ஸ்அப் பிஸ்னஸில் சாய்கோடு போட்டு அழைக்கும் குறுக்குப் பதில் வசதி இருக்கிறது. `/3ta`, `/3si` என்று இரண்டைச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் அடிக்கத் தேவையில்லை.

படி 3 பதிலில் மருந்தின் பெயர், வருத்தத்தின் பெயர், டொக்டரின் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. படி 1, 2க்கும் அதேதான். அனுப்பியது அவர்தானா என்று தெரியாத வரைக்கும், எங்களுடைய பதிலை யார் வாசிக்கப்போகிறார் என்றும் தெரியாது. "ஏதும் வேணுமா" என்ற அளவில் நின்றால் யாருக்கும் ஒன்றும் வெளியாகாது.

பதில் வராவிட்டால்? சாதாரண வாடிக்கையாளர் என்றால் விட்டுவிடலாம், அவர் எழுதும்போது தொடரலாம். இன்சுலின், இதய மருந்து, வலிப்பு மருந்து போல ஒரு நாளும் நிற்கக் கூடாத மருந்து எடுப்பவர் என்றால் அரை மணிநேரம் கழித்து ஒரு போன் எடுங்கள். போனிலும் முதலில் அவருடைய பெயரைக் கேட்டு, அவர்தான் பேசுகிறார் என்று உறுதியான பிறகுதான் மருந்துப் பேச்சு.

படி 4இல், விளங்கியதைத் திருப்பிச் சொல்லி உறுதி கேட்கவேண்டும். பொதி கட்டுவதற்கு முன்னால்.

"ஓம் அண்ணா, நீங்கள் பனடோல் கேட்டதெண்டு விளங்கிச்சு. சரியா? எத்தனை காட்?"

இங்கே மருந்தின் பெயரைச் சொல்லலாம், ஏனென்றால் அவரே அதை எழுதியிருக்கிறார். அவர் எழுதாத பெயரைப் பழைய பில்லில் இருந்து எடுத்து நீங்களாகச் சொல்லாதீர்கள்.

படி 5இல் நேரே பதில். "நீங்கள் தெரியாமல் அனுப்பினதா?" என்று கேட்கவே கூடாது. தெளிவாக எழுதிய ஒருவரிடம் அப்படிக் கேட்டால் அவருக்கு அது மரியாதைக் குறைவு. இருக்கிறதா, என்ன விலை, எப்போது கொண்டுவரலாம், துண்டு வேண்டுமா என்று வேலைக்கு வாருங்கள்.

குப்பை போலத் தெரிவது எல்லாம் குப்பை இல்லை

புதியவர்கள் படி 1 என்று அடையாளம் போட்டு வைத்தவற்றுள் இது ஒன்று:

```
kUe;J Ntz;Lk;
```

பார்த்ததும் விரல் பட்டது போலத்தான் இருக்கும். இது "மருந்து வேண்டும்". பாமினி எழுத்துருவில் அடித்ததை வட்ஸ்அப்பில் ஒட்டினால் எழுத்துரு போய்விடும், அடித்த விசைகள் மட்டும் ஆங்கில எழுத்தாக நிற்கும். இலங்கையில் பழைய தமிழ்த் தட்டச்சு பழகியவர்கள், அலுவலகக் கணினியில் இன்னும் பாமினி வைத்திருப்பவர்கள், கோயில் அல்லது பாடசாலை அலுவலகத்தில் கடிதம் அடித்துக் கொடுப்பவர்கள் இப்படி அனுப்புவது உண்டு. அவர்களுடைய கணினித் திரையில் அது அழகான தமிழாகவே தெரிந்திருக்கும்.

சிங்களத்திலும் இதே கதை நடக்கும். பழைய எஃப்எம் வகை எழுத்துருவில் இருந்து வந்தால் "பெஹெத்" என்ற சொல் இப்படி நிற்கும்:

```
fnfy;a
```

இவற்றை விரல் பட்ட குப்பையிலிருந்து பிரிப்பது கடினம் இல்லை. சொல்லின் நடுவில் அரைப்புள்ளி வருகிறதா என்று பாருங்கள். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில்தான் இருக்கிறது, அதனால் எந்தத் தமிழ் வசனத்திலும் அது அடிக்கடி வரும். சொல்லின் நடுவே பெரிய எழுத்து வருகிறதா, இடைவெளிகள் சொற்கள் போல ஒழுங்காக விழுந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். இந்த மூன்றும் இருந்தால் நேரே படி 5, வாசிக்கத்தான் முடியவில்லை. கடைக் கணினியில் பாமினி எழுத்துரு ஒன்றைப் போட்டு வைத்து, வேர்டில் ஒட்டி எழுத்துருவை மாற்றினால் தமிழ் வந்துவிடும். எழுத்துரு மாற்றித் தரும் இணையத்தளங்களும் இருக்கின்றன, ஆனால் ஒருவருடைய மருந்து விவரத்தை முகம் தெரியாத தளத்தில் ஒட்டுவது சரியில்லை. கடைக்குள்ளேயே செய்யுங்கள்.

இன்னொரு வகை, டொக்டர்மாரின் சுருக்கத்தை அப்படியே அடிப்பது. "500 bd" என்று மட்டும் வந்தால் புதியவருக்கு அது ஏதோ தவறி வந்த துண்டு. மருந்துத் துண்டைப் பார்த்துப் பழகியவருக்கு அது 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை. "tds" என்றால் மூன்று தடவை, "nocte" என்றால் இரவில், "mane" என்றால் காலையில். இந்த நான்கையும் முதல் நாளே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தால் அது தவறி வந்ததாக இருக்கவே முடியாது.

அதேபோல "beheth thiyenawada" என்பது தமிழ் மட்டும் தெரிந்தவருக்குக் குழம்பிய எழுத்தாகத் தெரியலாம். மருந்து இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்களுக்கு விளங்காத மொழிக்கு நீங்களாக இலக்கம் போடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

மெசேஜ் உண்மைதான், ஆனால் என்ன கேட்கிறார்?

உண்மையான மெசேஜ் என்பதில் உறுதி வந்துவிட்டால், அதில் என்ன கேட்டிருக்கிறார் என்பதிலும் உறுதி வந்துவிட்டது போல ஒரு உணர்வு வரும். இரண்டும் வேறு வேறு. "met 50" என்று வந்தால் அது உறுதியாக உண்மையான மெசேஜ், படி 5. ஆனால் அது இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோபுரோலோல் 50ஆக இருக்கலாம். நீரிழிவுக்கான மெட்ஃபோர்மின் 500இல் ஒரு பூச்சியம் விடுபட்டும் இருக்கலாம். இதைத் தீர்ப்பது உங்கள் வேலை இல்லை. துண்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, மருந்தாளரின் கையில் கொடுங்கள். இந்த ஐந்து படி அளவு, பதில் சொல்வதா வேண்டாமா, எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும்தான். எந்த மருந்தைக் கட்டுவது என்பதற்கு இது உதவாது.

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, கடற்கரைப் பக்க ஒழுங்கையில் தனியே இருக்கிறார், மாதாமாதம் எங்களிடம் மருந்து எடுப்பவர். காலையில் நாங்கள் அவருக்கு எழுதியிருக்கிறோம்: "அம்மா, மாத ஓடர் முடியிற நேரம். எத்தனை கிழமைக்கு வேணும்?" பதில் இல்லை. பின்னேரம் 7.10க்கு "jjh" என்று வருகிறது. ஒரு நிமிடத்தில் அது அழிகிறது. 7.14க்கு "5" வருகிறது.

முதலில் "jjh". எழுத்தை மட்டும் பார்த்தால் 1. எங்கள் கேள்வி நிற்கிறது, ஒரு படி கூட்டினால் 2. மருந்து முடியும் நாள், இன்னொரு படி கூட்டினால் 3. அவரே அழித்துவிட்டார், ஒரு படி குறைத்தால் 2. அழித்த கையோடு கேள்வி கேட்பது நல்லதில்லை, அதனால் ஐந்து நிமிடம் பொறுக்கலாம். திரைக்கு மேலே எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டினால் கட்டாயம் பொறுங்கள்.

அடுத்தது "5". ஒற்றை இலக்கம், தொடக்கம் 3. கேள்வி நிற்கிறது, 4. மருந்து முடியும் நாள், 5. இரண்டாவது மெசேஜ் என்பதற்கும் கூட்டலாம், ஆனால் ஏற்கனவே உச்சிக்கு வந்துவிட்டது. ஆக, உண்மையான மெசேஜ். புதியவர் இந்த இடத்தில் ஐந்து கிழமைக்குக் கட்டத் தொடங்கிவிடுவார். நாங்கள் கேட்டது கிழமைக் கணக்கு என்பதால் அது இயல்பாகவும் தோன்றும். ஆனால் அந்த அம்மா எங்கள் கேள்வியைப் பிடித்துப் பதில் போடவில்லை, தனியாகத்தான் 5 என்று போட்டிருக்கிறார். காட் கணக்காகவும் இருக்கலாம். அதனால் பதில் இப்படி:

"ஓம் அம்மா, கிடைச்சது. 5 எண்டது கிழமையா, காட்டா, வேற ஏதுமா? வொய்ஸில சொன்னாலும் சரி."

"வேற ஏதுமா" என்பதை விட்டுவிடாதீர்கள். இரண்டு தெரிவை மட்டும் கொடுத்தால் வயதானவர்கள் அதில் ஒன்றைப் பிடித்து "ஓம்" என்று விடுவார்கள். இந்த உதாரணத்தில் அம்மா வொய்ஸில் சொல்லும் பதில்: "இல்லைப் பிள்ளை, நாளைக்கு அஞ்சு மணிக்குத் தம்பி வருவான், அவனிட்டக் குடுத்து விடுங்கோ." மருந்தின் அளவு இன்னும் வரவில்லை. அதைத் தனியாகக் கேட்கவேண்டும், இந்த முறை இலக்கத்தோடு சொல்லும் சேர்த்து எழுதச் சொல்லி: "சரி அம்மா, நாளைக்கு 5 மணிக்கு ஆயத்தமா இருக்கும். ஒரு மாதத்துக்குப் போடவா, ரெண்டு மாதத்துக்கா, வேற கணக்கா? இலக்கத்தோட சொல்லையும் சேர்த்துப் போடுங்கோ." மருந்தின் பெயர் இன்னும் எங்கள் எழுத்தில் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். வரத் தேவையும் இல்லை.

"தெரியாமல் அனுப்பிட்டன்" என்று அவர்களே சொன்னால்

பெரும்பாலும் அது உண்மைதான். "பரவாயில்லை" என்று முடித்துவிடலாம். ஒரு வகையை மட்டும் முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். "ஒரு ஆறு இலக்க நம்பர் தெரியாமல் உங்கட போனுக்கு வந்திட்டுது, அதை எனக்கு அனுப்பிவிடுங்கோ" என்று ஒரு மெசேஜ் வரும். தெரிந்த வாடிக்கையாளரின் இலக்கத்திலிருந்தே வரலாம், ஏனென்றால் அவருடைய கணக்கை ஏற்கனவே யாராவது பிடித்திருப்பார்கள். அந்த ஆறு இலக்கம் எங்கள் கடையின் வட்ஸ்அப்பை வேறு போனில் திறப்பதற்கான குறியீடு. அதைக் கொடுத்தால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு யாரோ எங்கள் பெயரில் எழுதத் தொடங்குவார்கள், காசும் கேட்பார்கள். இப்படிக் கேட்பது படி 5, வேண்டுமென்றே எழுதியது. தவறு என்பது வெறும் பேச்சு. குறியீட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பில் இல்லாமல் நேரே போன் எடுத்துச் சொல்லுங்கள். கடைக் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்புப் பின் போட்டிருக்கிறதா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

மறுபக்கமும் நடக்கும். வாடிக்கையாளர் வங்கியிலிருந்து வந்த குறியீட்டை மகனுக்கு அனுப்ப நினைத்து எங்களுக்கு அனுப்பிவிடுவார். இது தவறி வந்ததுதான், ஆனால் சும்மா விடக் கூடாத தவறு. உடனே இப்படி எழுதுங்கள்: "அம்மா, வங்கிக் குறியீடு போல ஒண்டு எங்களுக்கு வந்திருக்கு. நீங்கள் அழிச்சு விடுங்கோ, நாங்களும் அழிச்சிட்டம்." எழுதுவதற்கு முன்னால் உங்கள் பக்கம் உண்மையாகவே அழியுங்கள்.

வேலை மாறும்போது

படி 1, 2 அன்றோடு முடிந்துவிடும். படி 3இல் பதில் வராமல் நிற்பவற்றுக்கு வட்ஸ்அப் பிஸ்னஸில் ஒரு லேபல் போடுங்கள். "பார்க்கவேண்டும்" என்று நாங்கள் வைத்திருக்கிறோம். அடுத்து வருபவருக்கு அந்த லேபலைத் திறந்து காட்டி, யாருக்குப் போன் எடுத்தாயிற்று, யார் எடுக்கவில்லை, யாருக்கு நிற்கக் கூடாத மருந்து என்று வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். இலக்கத்தை மட்டும் எழுதி வைத்தால் அடுத்தவர் திரும்ப முதலிலிருந்து யோசிப்பார். ஏன் 3 போட்டீர்கள் என்று அரை வரி எழுதினால் போதும்: "ஒற்றை இலக்கம், கேள்வி நிக்குது, போன் எடுக்கேல்ல." இரவில் மருந்தாளர் போவதற்கு முன் அந்த லேபலில் இருப்பவற்றை ஒருமுறை அவரிடம் காட்டுங்கள். நீங்கள் 3 என்று வைத்திருந்த ஒன்றை அவர் பழைய துண்டு ஞாபகத்தில் 5 என்று எடுப்பதும் உண்டு. அப்படி எடுத்தால் ஏன் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அந்த வாடிக்கையாளரின் குறிப்பிலும் எழுதிவிடுங்கள்.